பார்ட்னருக்குச் சமரசக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. இரண்டு பார்ட்னர்களுக்குள் ஒரு பணம் சிக்கிக்கொண்டால், வக்கீலிடம் போவதற்கு முன் பெரும்பாலும் என்னிடம்தான் ஒரு கடிதத்தோடு வருவார்கள். "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். அப்படி வந்த ஒரு கடிதத்தை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. ரத்த உறவு இல்லை, ஆனால் பதினோரு வருடமாக அண்ணன் தம்பி என்றுதான் பேச்சு. 2024 நவம்பரில் சாயப்பட்டறைக்கு 6,500 கிலோ துணிக்கு, கிலோ 100 ரூபாய் கூலி என்று 6,50,000 பாக்கி. பாக்கியைத் தீர்த்தால்தான் மிச்சத் துணியை விடுவோம் என்று பட்டறை சொல்லிவிட்டது. கம்பெனிக் கணக்கில் பணம் இல்லை. தம்பி தன் சொந்தக் கணக்கிலிருந்து 12-ஆம் தேதி முழுத் தொகையையும் ஆர்டிஜிஎஸ் செய்தார். ஆனால் அதில் 1,400 கிலோ நேவி புளூ, ஷேடு மாறி வந்த துணி. "அந்த லாட்டுக்குப் பணம் கொடுக்காதேன்னு சொன்னேனே" என்று அண்ணன் நின்றார். ஒரு வருடம் பேச்சு இழுத்தது. அப்புறம் தம்பி கடிதம் எழுதினார்.

"நான் எழுதினதில் என்ன தப்பு? எல்லாம் உண்மைதானே?"

அவர் கொண்டு வந்ததில் நடுப்பகுதி இப்படி இருந்தது:

> கம்பெனி மானம் போகக் கூடாது என்று என் சொந்தப் பணம் 6,50,000 கட்டினேன். ஒரு வருடமாக நீங்கள் என்னை ஏமாற்றி வருகிறீர்கள். நன்றி மறந்துவிட்டீர்கள். என் பணத்தை 18 சதவீத வட்டியோடு உடனே தர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மனிதர்களை வைத்துப் பேச வேண்டி வரும்.

பணம் கட்டியது உண்மை. மனம் நொந்ததும் உண்மை. ஆனால் இந்தக் கடிதம் எதைக் கேட்கிறது? சமரசத்துக்குக் கூப்பிடத்தான் எழுத உட்கார்ந்தார். கடைசி வரியில் அது மிரட்டலாக வந்து நிற்கிறது. இதைப் படித்துவிட்டு அண்ணன் "சரி, வருகிறேன்" என்று சொன்னால், ஏமாற்றினேன், நன்றி மறந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனாலேயே வர மாட்டார்.

சமரசக் கடிதம் பணத்தை வாங்கித் தராது. எதிரில் இருப்பவர் ஒரு நாள், ஓர் இடத்தில், ஒரு பொது ஆள் முன்னால் வந்து உட்காரச் சம்மதிக்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. யார் சொன்னது சரி என்பதற்கான வாதம் எல்லாம் அந்த நாளைக்கு உரியது. நான் திருத்தும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: இதைப் படித்தால் அவர் வருவதற்கு உதவுமா, வராமல் இருக்கக் காரணம் கொடுக்குமா? "நன்றி மறந்தீர்கள்" என்ற வரியை அடித்தபோது தம்பிக்குக் கண் கலங்கியது. அந்த வரியைத்தான் அவர் இரவெல்லாம் யோசித்து எழுதியிருந்தார். அதைத் தூக்கிப் போட வேண்டாம், தனிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சமரசர் முன்னால் உங்கள் வாயால் சொல்லலாம் என்றேன்.

"6,50,000 என் பணம். அவர்தானே தரணும்?"

இங்கேதான் முக்கால்வாசிக் கடிதங்கள் சறுக்குகின்றன. கம்பெனிக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியது கம்பெனி. பார்ட்னர் தன் சட்டைப்பையிலிருந்து முழுவதும் தர வேண்டியது இல்லை. கம்பெனியில் பாதி உங்களுடையது என்பதால், திரும்பி வரும் பணத்திலும் பாதி உங்கள் பங்கிலிருந்தே வருகிறது.

பேப்பரில் போட்டுப் பார்த்தோம். அண்ணனுக்கு மறுப்பு எதில்? 1,400 கிலோ, அதாவது 1,40,000 ரூபாயில் மட்டும். மீதி 5,10,000 கம்பெனியின் நியாயமான செலவு என்பதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. வாட்ஸப்பில் அவரே அப்படி எழுதியிருக்கிறார். சரி, 1,40,000-ஐ எடுத்துக்கொள்வோம். தம்பி சொல்வது நின்றால் அது கம்பெனிச் செலவு, ஆளுக்கு 70,000. அண்ணன் சொல்வது நின்றால் முழு 1,40,000-மும் தம்பி தலையில். ஆக, இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையில் தகராறில் இருப்பது 70,000 ரூபாய், அப்புறம் வட்டி.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆறரை லட்சத்துக்குச் சண்டை என்றுதான் வீட்டில், சம்பந்தி வீட்டில், எல்லா இடத்திலும் சொல்லியிருந்தார்.

கடிதத்தைத் திருத்துவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். இருவரும் ஒப்புக்கொள்ளும் தொகை எது, ஒப்பாத தொகை எது, ஒப்பாததில் ஆளுக்கு எவ்வளவு சுமை என்ற மூன்று எண்கள் தெரியாமல் எழுதினால் கடிதத்தில் கோபம்தான் இருக்கும்.

"18 சதவீத வட்டி போடலாமா? வெளியே வாங்கினால் அதுதானே ரேட்?"

முதலில் பார்ட்னர்ஷிப் பத்திரத்தைப் பாருங்கள். அதில் வட்டி விகிதம் இருந்தால் அதுதான். இல்லையென்றால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 13-ஆம் பிரிவு பேசுகிறது: முதலுக்கு மேல் ஒரு பங்குதாரர் தொழிலுக்காகக் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம். இவர்கள் பத்திரத்தில் வட்டி பற்றி ஒன்றும் இல்லை. 6,50,000-க்கு ஒரு வருடத்துக்கு 18 சதவீதம் என்றால் 1,17,000. 6 சதவீதம் என்றால் 39,000. தகராறுத் தொகையை விடப் பெரிய வட்டியைக் கேட்டு ஒரு கடிதம் போனால், எதிராளி நேரே வக்கீலிடம்தான் போவார்.

கடிதத்தில் வட்டி எண்ணையே எழுத வேண்டாம் என்பது என் கருத்து. "வட்டி உண்டா, எவ்வளவு என்பதும் பேச வேண்டிய விஷயம்" என்றால் போதும். உரிமையை விட்டதாக ஆகாது.

"திருத்தின கடிதத்தைக் காட்டுங்களேன்."

கடைசியில் போனது இதுதான்:

> அன்புள்ள அண்ணா,
>
> சாயப்பட்டறைப் பாக்கி விஷயமாக நாம் பலமுறை பேசியும் முடிவுக்கு வரவில்லை. ஒரு பொது ஆளை வைத்து உட்கார்ந்து பேசலாம் என்று கேட்கவே இந்தக் கடிதம். சமரச முயற்சிக்காக மட்டும் எழுதுகிறேன். இதில் உள்ள எதையும் இருவரில் யாரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டக் கூடாது, இருவர் உரிமைக்கும் இதனால் பாதகம் இல்லை என்ற நிபந்தனையோடு அனுப்புகிறேன்.
>
> 12.11.2024 அன்று என் சொந்தக் கணக்கிலிருந்து பட்டறைக்கு 6,50,000 ரூபாய் அனுப்பினேன். இதில் 5,10,000 கம்பெனிச் செலவு என்பதில் நமக்குள் மாற்றுக் கருத்து இல்லை என்று நினைக்கிறேன். நேவி புளூ 1,400 கிலோவுக்கான 1,40,000-இல்தான் கருத்து வேறுபாடு. ஷேடு மாறியிருந்ததால் அந்தப் பணத்தை நிறுத்தச் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். பணம் போன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது என்று நான் சொல்கிறேன்.
>
> பேச வேண்டியவை: அந்த 1,40,000-ஐ யார் ஏற்பது, பட்டறையிடம் திரும்பக் கேட்க முடியுமா, வட்டி உண்டா. நீங்கள் வேறு எதையாவது சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம்.
>
> பொது ஆளாக மூன்று பேரைக் கீழே எழுதியிருக்கிறேன். அவர்களுக்கும் எனக்கும் உள்ள பழக்கத்தையும் எழுதியிருக்கிறேன். ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மூவரும் வேண்டாம் என்றால் நீங்கள் மூவரைச் சொல்லுங்கள், நான் தேர்ந்தெடுக்கிறேன். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், நாம் பேச உதவுவார். இருவரும் ஒப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு. செலவு பாதிப் பாதி.
>
> இந்த மாதம் 22 அல்லது 29 சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வசதி. கம்பெனியிலோ யார் வீட்டிலோ வேண்டாம், பொது இடமாக இருக்கட்டும். 15-ஆம் தேதிக்குள் ஒரு வரி பதில் சொன்னால் நல்லது.

தகராறு வரிகளைக் கவனியுங்கள். "நீங்கள் சொல்கிறீர்கள்", "நான் சொல்கிறேன்" என்று இரண்டும் ஒரே எடையில் இருக்கின்றன. அண்ணன் தரப்பை எழுதியதும், "அவர் இதைப் படித்தால் ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று ஒத்துக்கொள்வாரா?" என்று தம்பியைக் கேட்டேன். முதல் தடவை அவர் "நிறுத்தச் சொன்னதாகப் பொய் சொல்கிறீர்கள்" என்றுதான் எழுதியிருந்தார்.

தம்பியிடம் ஓர் ஆதாரம் இருந்தது. ஆர்டிஜிஎஸ் போனது மதியம் 3:10-க்கு. அண்ணனின் வாட்ஸப் செய்தி வந்தது 4:40-க்கு. அதைக் கடிதத்தில் போட்டே ஆக வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அண்ணன் முந்தின நாள் போனில் சொன்னதாகச் சொல்கிறார். அந்தச் செய்தியை மட்டும் காட்டினால், "போனில் பேசியதை மறைக்கிறான்" என்று அங்கேயே பேச்சு முடிந்துவிடும். ஆதாரத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்து, உட்காரும் நாளில் கொண்டு போவதுதான் சரி.

"பொது ஆளாக யாரைச் சொல்வது? எங்கள் ஆடிட்டரையே சொல்லலாமா?"

வேண்டாம். ஆடிட்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று சொன்னவர் அவர். அந்தப் பதிவே கேள்விக்கு வரும்போது அவர் ஒரு தரப்பு ஆகிவிடுகிறார். கணக்கு எழுதும் எனக்கும் இதே விதிதான், அதனால் நானும் உட்காரவில்லை. அந்தச் சாயப்பட்டறையோடு வரவு செலவு உள்ளவர், இருவரில் ஒருவருக்குப் பணம் தர வேண்டியவர், பெண் கொடுத்து எடுத்த உறவு, இவர்களும் வேண்டாம்.

தம்பி முதலில் ஒரே ஒரு பெயர்தான் வைத்திருந்தார், அவருடைய சித்தப்பா. "ரொம்ப நியாயமான மனுஷன்" என்றார். இருக்கட்டும், அண்ணன் கண்ணுக்கு அவர் தம்பியின் சித்தப்பாதானே. ஒரு பெயரைச் சொன்னால் அது உங்கள் ஆள். மூன்று சொல்லி அவர் கையில் தேர்வைக் கொடுத்தால், தேர்ந்தெடுத்தவர் அவருடைய ஆளும் ஆகிறார்.

இந்த வழக்கில் சொன்ன மூவர்: சமரசப் பயிற்சி பெற்ற ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேலாளர், இருபது வருடம் டையிங் மாஸ்டராக இருந்து இப்போது தொழிலை விட்டுவிட்ட ஒருவர். டையிங் மாஸ்டரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஷேடு மாறியதா என்பதற்கு, சாயம் போடும் முன் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டான லேப் டிப்பையும் அந்த லாட் துணியையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பேச்சு வேகமாக நகரும். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் பழக்கத்தை ஒரு வரியில் எழுதினோம்: "வங்கி மேலாளர் இருந்த கிளையில் 2016 வரை எனக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தது." அற்ப விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அதைப் பின்னால் அண்ணனே கண்டுபிடித்தால் மூன்று பெயரும் போய்விடும். மூன்று பேரிடமும் முன்கூட்டியே சம்மதம் மட்டும் கேளுங்கள். கதையைச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பக்கக் கதையை முதலில் கேட்டவர் பொது ஆள் இல்லை.

"சமரசம், மத்தியஸ்தம், பஞ்சாயத்து எல்லாம் ஒன்றுதானே?"

பேச்சில் கலந்துதான் சொல்கிறோம். கடிதத்தில் கலக்கக் கூடாது. பஞ்சாயத்து என்றால் நாலு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது. தவறு செய்தவன்தான் பஞ்சாயத்துக்கு அழைக்கப்படுவான் என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மத்தியஸ்தர் என்ற சொல்லைச் சிலர் பேச உதவுபவருக்கும், சிலர் முடிவு சொல்லும் ஆர்பிட்ரேட்டருக்கும் சொல்கிறார்கள். உயர் நீதிமன்றத்தோடு இணைந்து 2005 முதல் சென்னையில் இயங்கும் மையத்தைச் சமரச மையம் என்கிறார்கள். அங்கே தீர்ப்பு கிடையாது, பேச்சுதான். அதனால் "சமரசம்" என்ற சொல்லையே போட்டு, "அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். பயந்து வராமல் இருப்பவர்கள் அந்த ஒரு வரிக்காக வந்திருக்கிறார்கள்.

பத்திரத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அதற்கு முன் சமரசம் பேசத் தடை இல்லை.

"5,10,000-தான் தகராறு இல்லாததுன்னு நானே எழுதிட்டா, நாளைக்குக் கோர்ட்டில் அதையே காட்ட மாட்டாரா?"

அதற்காகத்தான் முதல் பத்தியில் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனை. சிவில் வழக்கில், சாட்சியமாகக் காட்டக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையோடு ஒருவர் ஒப்புக்கொண்டதை எடுத்துக்கொள்வதில்லை என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் உண்டு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் உண்டு. ஆனால் "உரிமைக்குப் பாதகமின்றி" என்று மேலே எழுதிவிட்டு வெறும் பணக் கேட்பு எழுதினால் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். கடிதம் உண்மையிலேயே சமரசத்துக்காக இருக்க வேண்டும். அப்புறம், நம் கடிதம் 1,40,000-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இவ்வளவுக்கு இறங்கி வருகிறேன் என்ற எண்ணை ஒருநாளும் கடிதத்தில் எழுதாதீர்கள்.

"வரலைன்னா கேஸ் போடுவேன்னு ஒரு வரி சேர்க்கலாமா?"

முதல் கடிதத்தில் வேண்டாம். ஆனால் சட்டம் உங்களை எங்கே நிறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத் தகராறு வணிகத் தகராறு வகையில் வரும். மதிப்பு 3 லட்சம் அல்லது அதற்கு மேல், அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால், வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவின்படி வழக்குக்கு முன் சமரசத்துக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அது நடக்கும். 3 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்கு உள்ள வலு உண்டு. நீங்களாக ஒருவரை வைத்து எழுதிக்கொள்ளும் உடன்பாடு குறைந்தது ஓர் ஒப்பந்தமாக நிற்கும்.

இதைவிட முக்கியம், கம்பெனி பதிவு செய்யப்பட்டதா என்பது. ஜிஎஸ்டி பதிவைச் சொல்லவில்லை, கூட்டு நிறுவனப் பதிவாளரிடம் செய்யும் பதிவு. அது இல்லையென்றால், கம்பெனியைக் கலைக்கக் கேட்பது, கலைந்த கம்பெனியின் கணக்கைக் கேட்பது போன்றவை தவிர, பத்திரத்தில் உள்ள உரிமைக்காகப் பார்ட்னர் மேல் வழக்குப் போடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு விடாது. அந்த நிலையில் இருந்துகொண்டு "கேஸ் போடுவேன்" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் பதில்கூடப் போட மாட்டார்.

காலக் கெடுவையும் மறக்காதீர்கள். கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான். நீங்களாகப் பேசிக்கொண்டிருக்கும் நாள்கள் அதிலிருந்து கழியாது. 12-ஏ சமரசத்தில் கழியும் நாள்கள் மட்டும் கழிக்கப்படும். கெடு நெருங்கியிருந்தால் கடிதத்தை நம்பி உட்காராமல் வக்கீலைப் பாருங்கள்.

"வாட்ஸப்பில் அனுப்பினால் போதுமா?"

ஸ்பீடு போஸ்ட்டில் கவர் வந்தால் வீட்டில் எல்லோரும் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைப்பார்கள். முதலில் ஒரு போன் போட்டு, "அண்ணா, சண்டைக்கு இல்லை, ஒரு கடிதம் அனுப்பறேன், படிங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

"பதில் வந்தது, ஆனா புதுசா ஒண்ணைக் கிளப்பறார். என்ன செய்யறது?"

சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் பதில் மூன்றாம் நாள் வந்தது. வக்கீல் வேண்டாம், டையிங் மாஸ்டர் சரி, 29-ஆம் தேதி வருகிறேன், ஆனால் இரண்டு வருடமாக வராத குடோன் வாடகையையும் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். குடோன் அண்ணனின் மனைவி பெயரில் இருக்கிறது. தம்பி கொதித்துப் போய் வந்தார். எனக்கோ அதுவரை புரியாதது அப்போதுதான் புரிந்தது: ஷேடு துணிக்காக மட்டும் ஒரு வருடம் யாரும் முறைத்துக்கொண்டிருக்க மாட்டார்களே. "குடோன் வாடகையையும் பேசலாம் அண்ணா, பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வருகிறேன். 5,10,000 பற்றி நான் எழுதியது சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி பதில் எழுதினோம். அன்று இரவே "அது சரிதான்" என்று வந்தது.

அந்த வார்த்தையைச் சமரசத்துக்கு வெளியே பயன்படுத்த முடியாது, அதே நிபந்தனைக்குள் வந்தது. அதனால் 29-ஆம் தேதி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கம்பெனி தம்பிக்கு 5,10,000 தர வேண்டும் என்று தனிக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். கெடு முடிவதற்குள் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம் புதிதாக ஓடும். நேவி புளூ துணியை அதற்கு அப்புறம்தான் பிரித்தார்கள்.